சிரோசிஸ் நோயாளியின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தபோது

உணவு ஆலோசனைக்கு வருகிற கல்லீரல் நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது ரிப்போர்ட்டை இல்லை, மருந்துப் பையை. டாக்டர் எழுதியது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது, அமேசானில் வரவழைத்தது, எல்லாம் வேண்டும். சில மாதங்களுக்கு முன் பெரம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பையை வைத்தே இதைச் சொல்கிறேன். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோயாளிகளின் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் அந்த ஒரே பையில் இருந்தன.

அப்பாவுக்கு 58 வயது. ஹெபடைடிஸ் பி வைரஸால் வந்த சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து, அந்த நீரில் ஒருமுறை கிருமித் தொற்றும் வந்து போயிருந்தது. அது திரும்ப வராமலிருக்க தினமும் ஒரு நார்ஃப்ளாக்சசின். நீர் இறங்க இரண்டு மாத்திரைகள், மலம் இளகிப் போக லாக்டுலோஸ் சிரப், வைரஸுக்கு என்டெகாவிர். டாக்டர் எழுதியவற்றில் ஜிங்க் மாத்திரையும் இருந்தது. அதிலிருந்து தொடங்குவோம்.

சிரோசிஸில் ஜிங்க் குறைவது சகஜம். சாப்பாடு குறைகிறது, நீர் மாத்திரையால் சிறுநீரோடும் கொஞ்சம் போகிறது. உடலில் சேரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலைக்கு ஜிங்க் தேவை. அம்மோனியா கூடினால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று குழப்பம் ஆரம்பிக்கும். அதனால் டாக்டர் எழுதியது நியாயமானதுதான். மூன்று மாதத்துக்கு என்று எழுதியிருந்தார். இவர்கள் பதினோரு மாதமாக நிறுத்தவே இல்லை. போதாததற்கு, 'சத்து மாத்திரை' என்று கடையில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸிலும் ஜிங்க் இருந்தது.

லேபிளைப் படிப்பதில் ஒரு குழப்பம் உண்டு. அந்தக் காப்ஸ்யூலில் 'ஜிங்க் சல்பேட் 61.8 மி.கி.' என்று போட்டிருந்தது. அது அந்த ரசாயன உப்பின் மொத்த எடை. அதற்குள் இருக்கும் உண்மையான ஜிங்க் 22.5 மி.கி. மட்டுமே. லேபிளில் 'எலிமென்டல் ஜிங்க்' என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த எண்ணைத்தான் கூட்ட வேண்டும். டாக்டர் எழுதிய மாத்திரையில் 50 மி.கி. ஆக, நாள் ஒன்றுக்கு 72.5 மி.கி. பெரியவர்கள் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட நாள் எடுக்கும்போது தாண்டக் கூடாத வரம்பு 40 மி.கி. தான்.

அதிகமானால் என்ன ஆகும்? ஜிங்க் கூடக் கூட, குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவது குறைகிறது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், பாதம் மரத்து நடை தள்ளாடும். இவருக்கு மூன்றுமே இருந்தன. ஆனால் சிரோசிஸில் மண்ணீரல் வீங்கினாலும் ரத்த அணுக்கள் குறையும் என்பதால், "இது நோயோட வேலைதான்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் டாக்டரிடம் சொன்ன பிறகு ரத்தத்தில் தாமிரம் பார்த்தார்கள், குறைவாக இருந்தது. ஜிங்க் அன்றே நின்றது. ரத்த அணுக்கள் சில வாரங்களில் ஏறத் தொடங்கின. கால் மரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

சரி, ஜிங்கை எப்போது விழுங்கினார்? காலையில் நார்ஃப்ளாக்சசினோடு, ஒரே மடக்கில், அதுவும் பாலில். நார்ஃப்ளாக்சசினை ஜிங்க் பிடித்துக்கொள்ளும். பாலில் உள்ள கால்சியமும் அப்படித்தான். மாத்திரை வயிற்றுக்குள் போகும், ரத்தத்தில் போதிய அளவு ஏறாது. தொற்று வராமல் காப்பதற்கென்றே தந்த மருந்து அது. அதைக் காலையில் தண்ணீரோடு தனியாகக் கொடுத்து, ஜிங்க், கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளி வைத்தால் போதும். இந்த ஒரு விஷயத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்து ஒரு பெரிய டப்பா. மகன் ஜிம்முக்குப் போகிறவர். "லிவருக்கு பிசிஏஏ நல்லதுன்னு சொன்னாங்க மேடம், அதான் என்னோடதையே அப்பாவுக்கும் கலக்கிக் குடுக்கிறேன்" என்றார். அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. பிசிஏஏ என்பது லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள். மூன்றும் பெரும்பாலும் தசையிலேயே பயன்படுபவை. அம்மோனியாக் குழப்பம் உள்ளவர்களுக்கு உதவுகின்றன. ஆனால் அந்த டப்பாவில் இவற்றோடு காஃபீனும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்டும் சேர்ந்திருந்தன. கோப்பையில் குடிக்கும் கிரீன் டீயைச் சொல்லவில்லை. செறிவூட்டிய அந்தச் சாறு கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. வாங்குவதென்றால் வேறெதுவும் கலக்காததை, டாக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் 'அமினோ ஆசிட் பவுடர்' என்று கேட்டால் ஆர்னிதின் அஸ்பார்டேட் சாஷேவைக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. அது வேறு மருந்து, சிறுநீரகம் மோசமாகக் கெட்டவர்களுக்கு ஆகாது. இவற்றில் எதை ஆரம்பித்தாலும் லாக்டுலோஸை நிறுத்தக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, பவுடர் வந்ததும் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியது. "புரோட்டீன் ஆகாது" என்று முட்டையும் பருப்பும் ஏற்கெனவே போயிருந்தன. கோத்த நீரைக் கழித்தால் அவர் எடை சுமார் 60 கிலோ. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றால், நாளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். கணக்குப் போட்டால் 40கூட வரவில்லை. சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு ராத்திரி பட்டினி, நல்ல உடம்புக்காரரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். கல்லீரலில் போதிய சர்க்கரைச் சேமிப்பு இல்லாததால் உடம்பு தசையைக் கரைக்கிறது. அதனால் இரவு உணவு திரும்ப வந்தது. படுக்கும் முன் நான்கு இட்லியும் உப்பில்லாத பருப்பும். பவுடர் அதற்கு மேல்தான், பதிலாக இல்லை.

பையின் அடியில் மூன்று பொட்டலங்கள் இருந்தன. "நாட்டு மருந்துதானே மேடம், என்ன பண்ணிடப் போகுது?" என்றார் அம்மா.

ஒன்று கீழாநெல்லிப் பொடி. நம் ஊரில் மஞ்சள் காமாலைக்கு இதைத் தராத வீடு உண்டா? சென்னையில் இதை வைத்து ஹெபடைடிஸ் பி நோயாளிகளிடம் ஆராய்ச்சியே நடந்தது. அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் பங்கெடுத்தார். பலருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு, சுருங்கிப்போன கல்லீரலுக்கான ஆய்வும் இல்லை அது. நான் பயப்படுவது கீழாநெல்லியை நம்பி என்டெகாவிரை விட்டுவிடுவதற்குத்தான். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழும், ஏற்கெனவே நலிந்த கல்லீரல் அதைத் தாங்காது. நல்லவேளை, இவர் நிறுத்தவில்லை.

இரண்டாவது சீந்தில், கொரோனாவுக்கு ஆரம்பித்தது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதே அதன் பெயர். அந்தத் தூண்டுதலே சிலருக்குத் தன் கல்லீரலையே தாக்குவதாக மாறுகிறது. 2021இல் மும்பை மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. அமுக்கரா சூரணமும் இதே வரிசைதான். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அதனால் கல்லீரல் முற்றாகச் செயலிழந்தது உண்டு.

மூன்றாவது, இருமலுக்கு மென்ற அதிமதுரம். இதை யாருமே சந்தேகப்பட மாட்டார்கள். அது உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். வயிற்று நீர் கூடும். பொட்டாசியம் இறங்கினால் அம்மோனியா ஏறும். நீர் மாத்திரையின் வேலைக்கு நேர் எதிரான வேலை.

என்ன பொட்டலம் என்றே தெரியாத 'லிவர் டானிக்', பற்பம், செந்தூரம் இவற்றையும் வேண்டாம் என்றேன். ஈயமோ பாதரசமோ உண்டா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, கை நீட்டினால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அம்மா மூன்று பொட்டலங்களையும் குப்பைத் தொட்டியில் போடப் போனார். நான் தடுத்தேன். சீந்திலை எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்று அதன் மேலேயே எழுதச் சொல்லி, அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போகச் சொன்னேன். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் ரத்தத்தில் ஏறியிருந்தால் காரணம் தேட அதுதான் அவருக்குத் தேவைப்படும்.