ஐபி இண்டெம்னிட்டி ஷரத்தில் வழக்கை யார் நடத்துவது என்று எழுதாமல் விடும் தவறு

மென்பொருள் ஒப்பந்தம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: எங்கள் மென்பொருள் தன்னுடைய பேட்டன்டையோ பதிப்புரிமையையோ மீறுகிறது என்று மூன்றாம் நபர் உங்கள்மேல் வழக்குப் போட்டால், அந்த நஷ்டத்தை நாங்கள் ஈடுகட்டுவோம். இதைப் பார்த்ததும் இரண்டு தரப்பும் சரி, இண்டெம்னிட்டி இருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பணம் யார் தருவது என்பது மட்டும்தான் அந்த வரியில் இருக்கிறது. வக்கீலை யார் வைப்பது, சமரசத்துக்கு யார் தலையாட்டுவது என்பதெல்லாம் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு வைத்துப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் சின்ன நிறுவனம் ஒன்று, கலிஃபோர்னியாவில் உள்ள கடை நிறுவனம் ஒன்றுக்கு ஸ்டாக் பார்க்கும் மென்பொருளை வருஷம் 40,000 டாலருக்குக் கொடுக்கிறது. அமெரிக்க பேட்டன்ட் சட்டத்தின் 271ஆம் பிரிவுப்படி, பேட்டன்ட் பெற்ற ஒன்றை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதே மீறல்தான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால் பேட்டன்ட்காரர் மென்பொருளை எழுதியவரை விட்டுவிட்டு அதை வாங்கிய கடைமேலேயே வழக்குப் போடலாம்.

முதல் தவறு, ஈடுகட்டுவதும் வழக்கை ஏற்று நடத்துவதும் ஒன்றுதான் என்று நினைப்பது. "நீதிமன்றம் இறுதியாக விதிக்கும் தொகையை ஈடுகட்டுவோம்" என்று மட்டும் எழுதியிருந்தால், கடை வக்கீலுக்கு 90,000 டாலர் செலவழித்து வழக்கில் ஜெயித்தாலும் கையில் ஒன்றும் வராது, ஏனென்றால் நீதிமன்றம் எந்தத் தொகையும் விதிக்கவில்லை. ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, கலிஃபோர்னியா சிவில் கோடின் 2778ஆம் பிரிவு, ஈடு பெறுபவர் கேட்டுக்கொண்டால் ஈடு கொடுப்பவர் வழக்கையும் ஏற்று நடத்த வேண்டும் என்கிறது. அந்தக் கடமை வழக்கின் முடிவு வரை காத்திருக்காது, கோரிக்கை வந்தவுடனே தொடங்குகிறது என்று 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கிராஃபர்ட் வழக்கில் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் வழக்குச் செலவைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் "நீ வந்து வழக்கை நடத்து" என்று சொல்ல அதில் வார்த்தை இல்லை. அதனால் எந்த நாட்டுச் சட்டம் என்றாலும், வழக்கை ஏற்று நடத்துவோம், ஈடும் கட்டுவோம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடுவதுதான் நல்லது. அப்புறம், விற்பவர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஏற்று நடத்தும் கடமை பெரும்பாலும் குற்றச்சாட்டு வந்தாலே தொடங்கும், அது பொய்யாக இருந்தாலும். ஆகவே "நாங்கள் கொடுத்த வடிவத்திலேயே இருந்த மென்பொருள்" என்று வரம்பு போடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் வேறொன்றோடு சேர்த்து ஓட்டியதற்கும் நீங்கள்தான் வக்கீல் வைக்க வேண்டி வரும்.

இரண்டாவது, நோட்டீஸ் விஷயம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து சாதாரணமாக 21 நாளில் பதில் போட வேண்டும். கடையில் யாரோ அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு 18ஆம் நாள் சென்னைக்கு மெயில் போட்டால், ஷரத்தில் "உடனடி நோட்டீஸ் நிபந்தனை" என்று இருக்கும்போது விற்றவர் கைவிரிக்க வழி கிடைத்துவிடும். தாமதத்தால் வழக்குக்கு எவ்வளவு கெடுதல் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பு குறையும் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் நியாயம். "வழக்கு" என்று மட்டும் எழுதாமல் மிரட்டல் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள், தகராறு பெரும்பாலும் கடிதத்தில்தான் ஆரம்பிக்கும்.

அதிகம் சண்டை வருவது வழக்கின் கடிவாளம் யார் கையில் என்பதில்தான். கடை பயந்துபோய் யாரையும் கேட்காமல் 60,000 டாலருக்குச் சமரசம் செய்துவிட்டு பில்லை அனுப்பும், விற்றவர் "என்னைக் கேட்டாயா?" என்பார். மறுபக்கமும் ஆபத்துதான்: கடிவாளம் முழுக்க விற்றவர் கையில் இருந்தால், கடை அந்த மென்பொருளை இனிமேல் தொடாது என்று அவரே பேட்டன்ட்காரரிடம் ஒத்துக்கொண்டு தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பணம் மட்டும் கொடுத்து, கடைக்கு முழு விடுதலை வாங்கி, எந்த ஒப்புதல் வாக்குமூலமும் இல்லாத சமரசத்தை விற்றவர் தனியாகச் செய்யலாம், மற்றதுக்கெல்லாம் கடையின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று பிரித்து எழுதுவதுதான் நான் எப்போதும் கேட்பது. கோரிக்கை வந்து 10 நாளில் விற்றவர் வழக்கைக் கையில் எடுக்காவிட்டால், கடையே அவர் செலவில் நடத்தலாம் என்றும் சேர்க்க வேண்டும்.

பொறுப்பு உச்சவரம்பை இதோடு சேர்த்துப் படிக்காமல் விடுவதும் நடக்கிறது. உச்சவரம்பு ஒரு வருஷக் கட்டணமான 40,000 டாலர், வக்கீல் செலவும் அதற்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் கடிவாளத்தைப் பிடித்து, தன் வக்கீலுக்கு அந்த 40,000த்தையும் கொடுத்துவிட்டு, வழக்கு பாதியில் இருக்கும்போது "என் பொறுப்பு முடிந்தது" என்று இறங்கிவிடலாம். அதற்குள் நீதிமன்றத்தில் வைத்த வாதங்கள் எல்லாம் கடையின் பெயரில் பதிவாகியிருக்கும், மிச்ச வழக்கைக் கடை அவற்றை வைத்துக்கொண்டு சொந்தக் காசில் நடத்த வேண்டும்.