கிரெடிட் கார்டு தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பது எப்படி?

முதலில் நாள்களை எண்ணுங்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள கடைசித் தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் பணம் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடைசித் தேதி ஜூன் 5 என்று வையுங்கள். நீங்கள் 8-ம் தேதிக்குள் கட்டியும் கட்டணம் விழுந்திருந்தால், சலுகை கேட்க வேண்டியதில்லை. விதியைச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.

அந்த மூன்று நாளைத் தாண்டிக் கட்டியிருந்தால், வங்கியின் நல்லெண்ணத்தை நம்பித்தான் கேட்கிறோம். எனவே பாக்கி முழுவதையும் கட்டி, அது கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே எழுதுங்கள். பாக்கி நிற்கும்போது கேட்டால் "முதலில் கட்டுங்கள்" என்றுதான் பதில் வரும்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். ஜூன் 10-ல் கட்டிய ஒருவரின் அடுத்த ஸ்டேட்மென்ட் இப்படி வருகிறது என்று வையுங்கள்: தாமதக் கட்டணம் ரூ.750, வட்டி ரூ.640, இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி ரூ.250.20. மொத்தம் ரூ.1,640.20. "தாமதக் கட்டணத்தை நீக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் 750 ரூபாய் திரும்பி வரும், வட்டி அப்படியே நிற்கும். ஸ்டேட்மென்ட்டில் வட்டி தனிப் பதிவு. கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடுவது. அதனால் ஒவ்வொரு பதிவையும் தொகையோடு குறிப்பிட்டுக் கேளுங்கள்.

போனில் கேட்பதைவிட வங்கிச் செயலியின் செய்திப் பெட்டியோ மின்னஞ்சலோ மேல். கேட்டதற்குச் சான்று கையில் இருக்கும். போனில் பேசினால் கோரிக்கை எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். வாசகம் இவ்வளவு போதும்:

"ஜூன் 5-ல் கட்ட வேண்டிய தொகைக்கான ஆட்டோ டெபிட், சம்பளக் கணக்கு வேறு வங்கிக்கு மாறியதால் திரும்பிவிட்டது. தெரிந்தவுடன் ஜூன் 10-ல் முழுத் தொகையும் செலுத்திவிட்டேன். முந்தைய 24 மாதங்களிலும் முழுத் தொகையைக் கெடுவுக்குள் செலுத்தியிருக்கிறேன். புதிய கணக்கில் ஆட்டோ டெபிட் பதிவு செய்துவிட்டேன். தாமதக் கட்டணம் ரூ.750, வட்டி ரூ.640, இவற்றுக்கான ஜிஎஸ்டி ஆகியவற்றை ஒருமுறை சலுகையாகத் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன்."

காரணத்துக்கு ஒரு வரி போதும். அது மறுபடி நடக்காது என்பதைக் காட்டும் வரிதான் கூடுதல் வேலை செய்யும். மாதக் கணக்கைப் பழைய ஸ்டேட்மென்ட்டுகளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். 24 என்று எழுதி நடுவே ஒரு தாமதம் இருந்தால், பதில் எழுதுபவர் திரையிலேயே அது தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: வட்டியை மறுத்துக் கட்டணத்தை மட்டும் நீக்கினால், அதற்கான ஜிஎஸ்டி ரூ.135-உம் திரும்பியதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டிலும் சிறிது வட்டி வரலாம். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கானது அது.