அம்மாயியின் முகமும் நீர்வண்ணமும்

கொழுந்து பறித்த காலத்து அம்மாயியை நீர்வண்ண ஓவியமாக்க, ஹட்டன் லயத்து வீட்டில் எடுத்த 14 போட்டோக்களை வைத்து, படம் வரையும் ஏஐ மாடலுக்கு அவர் முகத்தைக் கற்றுக்கொடுக்கும் சிறு இணைப்பான ஒரு லோரா பயிற்றினேன். முகம் அச்சாக வந்தது. ஆனால் நீர்வண்ணம் என்று எழுதினாலும் போட்டோவாகவே வந்தது. சமையலறையில் நிற்கச் சொன்னாலும் தலையில் கூடைக் கயிறு, பின்னால் தேயிலைச் செடி.

காரணம் கேப்ஷன், அதாவது பயிற்சிக்குத் தரும் ஒவ்வொரு படத்தோடும் எழுதும் விவரிப்பு. எல்லாப் படத்துக்கும் `ammayi_x` என்று மட்டும் எழுதியிருந்தேன். அதனால் கயிறு, செடி, போட்டோத்தன்மை எல்லாமே அந்த ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டன. மாறக்கூடியதை எல்லாம் கேப்ஷனில் சொல்லிவிட வேண்டும். மாறக்கூடாத மூக்குத்தியையும் கன்னத்து மச்சத்தையும் சொல்லாமல் விட வேண்டும்.

```
ammayi_x, photo, tea field, basket strap on head
```

மறுபடி பயிற்றினேன். படத்துக்கு 10 முறை, 10 சுற்று, மொத்தம் 1400 படி. ஒவ்வொரு சுற்றையும் தனியாகச் சேமித்து, படம் தொடங்கும் தற்செயல் புள்ளியைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை மாற்றாமல் ஒப்பிட்டேன். பத்தாவதில் தோல் மறுபடி போட்டோ மாதிரி பளபளத்தது. மூன்றாவதில் யாரோ ஒரு பாட்டி. ஆறாவதை எடுத்து, படத்தில் லோரா எவ்வளவு அழுத்தமாக வேலை செய்யும் என்பதைச் சொல்லும் எடையை 0.7க்கு இறக்கினேன். சரி, காகிதத்தில் ஊறிய நீலத்துக்குள் அம்மாயியின் மச்சம் அப்படியே இருந்தது. பக்கவாட்டு முகம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அந்தக் கோணத்தில் ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை.