500-உம் 250-உம் சேர்ந்தால் 750 வருமா? இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை இணையாக ஓட்டும் செய்முறை

கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பல வருடமாக ஓடுகிறது. ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பிவிட்டால் ஐஸுக்கு அடிதடிதான். எல்லா கம்ப்ரஸரும் ஓட வேண்டும், பழையது தாங்காது. முதலாளி புதிதாக 500 கே.வி.ஏ. ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒரே எல்.டி. பேனலில் சேர்த்துவிடச் சொல்கிறார். ஐந்நூறும் இருநூற்றைம்பதும் எழுநூற்றைம்பது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்காது. எவ்வளவு குறையும் என்பதை டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் பெயர்ப்பலகை

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பலகையை அரித்து வைத்திருக்கும். துணியால் துடைத்து ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கே.வி.ஏ., ஹெச்.டி.-எல்.டி. வோல்டேஜ், வெக்டர் குரூப், சதவீத இம்பிடன்ஸ், டேப் அட்டவணை. நம் உதாரணத்தில் இரண்டுக்கும் ஹெச்.டி. பக்கம் 11,000 வோல்ட், எல்.டி. பக்கம் 433 வோல்ட், வெக்டர் குரூப் இரண்டுக்குமே டி.ஒய்.என். 11. பழைய 250-க்கு இம்பிடன்ஸ் 4 சதவீதம், புதிய 500-க்கு 5 சதவீதம்.

இந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தொழிற்சாலையில் சோதிக்கும்போது எல்.டி. பக்கத்தை ஷார்ட் செய்துவிட்டு, ஹெச்.டி.யில் வோல்டேஜை மெல்ல ஏற்றுவார்கள். முழு லோடு கரண்ட் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். 11,000-க்கு 550 வோல்ட் தேவைப்பட்டால் அது 5 சதவீதம், 440 வோல்ட் போதுமென்றால் 4 சதவீதம். முழு லோடில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் தனக்குள்ளேயே எவ்வளவு வோல்டேஜை விழுங்கும் என்பதற்கான அளவு இது.

லோடு எப்படிப் பிரிகிறது

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்.டி.யும் ஒரே லைனில் இருக்கிறது, எல்.டி.யும் ஒரே பஸ்பாரில் இருக்கிறது. இரு முனையும் கட்டப்பட்டுவிட்டதால் இரண்டுக்குள்ளும் விழும் வோல்டேஜ் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஒன்றில் 3 சதவீதமும் மற்றதில் 4 சதவீதமும் விழ வழியே இல்லை.

இப்போது லோடை ஏற்றிக்கொண்டே போங்கள். உள்ளே விழுவது 4 சதவீதத்தைத் தொட்ட நொடியில் 250 கே.வி.ஏ. தன் முழு லோடுக்கு வந்துவிட்டது. அதே நொடியில் 500-இலும் 4 சதவீதம்தான் விழுகிறது. ஆனால் அது முழு லோடு எடுக்க 5 சதவீதம் விழ வேண்டும். ஆகவே அது ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 400 கே.வி.ஏ. மட்டுமே எடுத்திருக்கும். 400-உம் 250-உம் சேர்ந்து 650. இதற்கு மேல் ஒரு கம்ப்ரஸர் ஓடினாலும் சின்னதுதான் முதலில் சூடாகும். பெரியது பக்கத்திலேயே 100 கே.வி.ஏ.வைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்.

சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
S1 : S2 = kVA1/Z1 : kVA2/Z2
        = 500/5 : 250/4
        = 100 : 62.5  =  8 : 5
```

700 கே.வி.ஏ. லோடு வந்தால்? 13 பங்கில் 5 பங்கு சின்னதுக்கு, அது 269 கே.வி.ஏ. கிட்டத்தட்ட 8 சதவீதம் ஓவர்லோடு. பெரியதில் 431 மட்டுமே இருக்கும். பேனலில் மொத்த மீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு 750-க்கு இன்னும் 50 மீதம் இருப்பதுபோல் தோன்றும்.

இம்பிடன்ஸ் குறைவாக உள்ளதுதான் முதலில் நிரம்பும் என்பதை மனதில் வையுங்கள். அது பெரிய டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் இழப்பு கொஞ்சம் குறையும்: 500-க்கு 4, 250-க்கு 5 என்று மாற்றிப் போட்டால் மொத்தம் 700 கிடைக்கும். என்னைக் கேட்டால், புதிதாக வாங்கும்போதே பழையதன் இம்பிடன்ஸைச் சொல்லி அதற்குப் பொருத்தமாகக் கேட்பதுதான் சரி. பலகை எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர்களில் சொன்ன இம்பிடன்ஸுக்கு 10 சதவீதம் வரை கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு, 4.5 என்று சொன்னது 4.05-ஆகவும் இருக்கலாம், 4.95-ஆகவும் இருக்கலாம். சோதனைச் சான்றிதழில் அளந்த மதிப்பு இருக்கும், அதை வாங்கிக் கணக்கில் போடுங்கள்.

டேப் ஒன்று தள்ளியிருந்தால்

லோடு பிரிவதற்கு முன்னால் இன்னொரு நிபந்தனை: லோடு இல்லாதபோது இரண்டின் எல்.டி. வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடியதிலிருந்து குறைந்ததற்குக் கரண்ட் சுற்றத் தொடங்கும்.

எல்.டி. வோல்டேஜைச் சற்றுக் கூட்டிக் குறைக்க உதவுவதுதான் டேப். நம் உதாரணத்தில் ஒரு டேப் வித்தியாசம் 2.5 சதவீதம் என்று கொள்வோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250 வோல்ட், அதில் 2.5 சதவீதம் வெறும் 6.25 வோல்ட். பார்க்கச் சிறியது. ஆனால் அதைத் தடுக்க உள்ளே என்ன இருக்கிறது? எல்.டி. பக்கத்தில் 500-இன் இம்பிடன்ஸ் 18.75 மில்லி ஓம், 250-இன் இம்பிடன்ஸ் 30 மில்லி ஓம். கூட்டினால் 48.75 மில்லி ஓம். 6.25 வோல்டை அதால் வகுத்தால் 128 ஆம்பியர்! ஒரு கம்ப்ரஸரும் ஓடாமல், சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் 333 ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

டேப் எண்ணை ஒன்றாக வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பெனியின் மூன்றாம் டேப்பும் இன்னொரு கம்பெனியின் மூன்றாம் டேப்பும் ஒரே வோல்டேஜாக இருக்க வேண்டும் என்பதில்லை. அட்டவணையில் உள்ள வோல்டேஜை ஒப்பிட்டு வையுங்கள். சாதாரண டேப் ஸ்விட்சை ஹெச்.டி. சப்ளையை நிறுத்தி, எர்த் செய்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

வெக்டர் குரூப்பும் பேஸ் சரிபார்ப்பும்

டேப் தவறினால் சூடுதான் ஏறும். வெக்டர் குரூப் தவறினால் வெடிக்கும். எல்.டி. வோல்டேஜ் ஹெச்.டி.யிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்வது அது. டி.ஒய்.என். 11-உம் டி.ஒய்.என். 1-உம் ஒன்றுக்கொன்று 60 டிகிரி தள்ளி நிற்பவை. அவற்றை அப்படியே சேர்த்தால் நடுவே நிற்கும் வோல்டேஜ் 6.25 அல்ல, முழு 250. அதே 48.75 மில்லி ஓமால் வகுத்தால் 5,100 ஆம்பியருக்கு மேல். சின்னதுக்கு அது முழு லோடைப்போல் 15 மடங்கு, ஷார்ட் சர்க்யூட்டேதான்.

பலகையில் சரியாக இருந்தாலும் கேபிள் கட்டியவர் மாற்றியிருக்கலாம். அதனால் இந்தச் சோதனையை ஒருபோதும் விடக்கூடாது. உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர் உடன் இருக்கட்டும், அந்த வோல்டேஜுக்கும் அந்த இடத்துக்கும் தகுந்த மீட்டர் இருக்கட்டும்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரே லைனிலிருந்து ஹெச்.டி. கொடுங்கள். பெரியதன் எல்.டி. பிரேக்கரான ஏ.சி.பி.யை மூடி பஸ்பாருக்கு உயிர் கொடுங்கள். லோடு ஃபீடர்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். சின்னதன் ஏ.சி.பி. திறந்திருக்க வேண்டும். இரண்டின் நியூட்ரலும் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் மீட்டர் காட்டுவது எதையும் நம்ப முடியாது. இப்போது திறந்திருக்கும் ஏ.சி.பி.யின் ஒரு பக்கத்து ஆர், ஒய், பி ஒவ்வொன்றிலிருந்தும் மறுபக்கத்து மூன்றுக்கும் அளங்கள். மொத்தம் ஒன்பது அளவு.

எல்லாம் சரியென்றால் ஆர்-ஆர், ஒய்-ஒய், பி-பி மூன்றும் சுழியம் அல்லது ஓரிரு வோல்ட், மற்ற ஆறும் 433-க்குப் பக்கம். ஆர்-ஆர் சுழியம், ஆனால் ஒய்-ஒய்யும் பி-பியும் 433 என்றால் ஒய்யும் பியும் இடம் மாறியிருக்கின்றன. மூன்று ஜோடியிலும் 433 வந்து, சுழியம் வேறு ஜோடிகளில் வந்தால் மூன்று கேபிளும் வரிசையாக ஒரு இடம் தள்ளியிருக்கின்றன. இவை சப்ளையை நிறுத்திக் கேபிளை மாற்றினால் சரியாகும்.

"அண்ணே, ஐந்நூறு காட்டுது" என்று மீட்டர் பிடித்திருப்பவர் சொன்னால் கையை எடுக்கச் சொல்லுங்கள். எங்கும் சுழியம் இல்லாமல் 250-உம் 500-உம் மட்டும் மாறி மாறி வருவது 11-உம் 1-உம் எதிரெதிரே நிற்பதன் அடையாளம். எல்.டி. கேபிளை மட்டும் எப்படி மாற்றினாலும் இது தீராது. ஒன்றின் ஹெச்.டி.யில் இரண்டு பேஸை மாற்றி, அதே டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி.யிலும் இரண்டை மாற்றினால் பொருந்த வைக்கலாம். அதன் பிறகு ஒன்பது அளவையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

மூடிய பிறகு பார்ப்பது

ஏ.சி.பி.யை மூடி, லோடு கொடுக்கும் முன் இரண்டு எல்.டி. கேபிளிலும் டாங் டெஸ்டரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது. நூறு ஆம்பியருக்கு மேல் காட்டினால் டேப்பைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஒன்றிரண்டு கம்ப்ரஸரை ஓட்டுங்கள். பஸ்பாரில் மொத்தம் 520 ஆம்பியர் போனால் பெரியதில் 320, சின்னதில் 200 வர வேண்டும். அதுதான் 8-க்கு 5. கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். மில்லி ஓம் கணக்கு என்பதால் கேபிளும் பங்கு கேட்கும். பெரியதன் கேபிள் நீளமாக ஓடி 2 மில்லி ஓம் கூட்டினால், அதன் பங்கு 61.5 சதவீதத்திலிருந்து 59-க்கு இறங்கிவிடும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரைப் பேனலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். இரண்டின் காயில் ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் வேறு விகிதத்தில் இருந்தால், தனித்தனி ஆம்பியரின் கூட்டல் மொத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். அது மீட்டர் கோளாறு அல்ல.

ஓவர்லோடு ரிலேயை ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனித்தனியே வையுங்கள், சின்னதுக்கு 333 ஆம்பியர் அளவில். மொத்தத்துக்கு ஒன்று என்று விட்டால் சின்னதைக் காப்பாற்ற யாரும் இல்லை.

பேனலையும் மறக்க வேண்டாம். 500 மட்டும் இருந்தால் பஸ்பாரில் ஷார்ட் ஆகும்போது அதிகபட்சம் 13,300 ஆம்பியர் பாயும். 250 சேர்ந்தால் இன்னும் 8,300 கூடி 21,600 ஆகிவிடும். 16 கிலோ ஆம்பியர் தாங்கும் பிரேக்கர்கள் ஒற்றை டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. மாற்ற முடியவில்லையென்றால் இணையாக ஓட்டாமல், பஸ்பாரை இரண்டாகப் பிரித்து லோடைப் பங்கிடுவதே மேல்.

கடைசியாக இன்டர்டிரிப். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்.டி.யைத் திறந்துவிட்டு எல்.டி.யை மூடியே விட்டால், பஸ்பாரிலிருந்து அது தலைகீழாக உயிர் பெறும். நிறுத்திவிட்டதாக நினைக்கும் பக்கத்தில் 11,000 வோல்ட் நிற்கும். ஹெச்.டி. பிரேக்கர் திறந்தால் அதே டிரான்ஸ்ஃபார்மரின் ஏ.சி.பி.யும் தானாகத் திறக்கும்படி கட்டுங்கள். மின் ஆய்வாளரிடம் அனுமதிக்குப் போகும் முன், ஃபீடர்கள் திறந்திருக்கும்போது ஒவ்வொரு ஹெச்.டி.யாகத் திறந்து, அதற்குரிய ஏ.சி.பி. விழுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள்.