நகைச் சீட்டைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணத்தை எப்படி வாங்குவது?

மழை தொடங்கினால் எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் விற்க ரப்பர் ஷீட் இல்லை, ஷீட் இல்லையென்றால் கையில் காசும் இல்லை. என் மைனி நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு போட்டிருந்தார். ஏழு தவணை கட்டிய பிறகு மழையும் வந்தது, மகனின் கல்லூரிக் கட்டணமும் வந்தது. மீதி நான்கு தவணை கட்ட வழியில்லை. "கட்டுன பணத்தை வாங்கித் தா, தம்பி" என்று பாஸ்புக்கை என் கையில் கொடுத்தார். அந்த அனுபவத்தை வைத்து, முதல் தடவை இப்படி ஒரு சீட்டை நிறுத்தப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாம் இதைச் சீட்டு என்று சொன்னாலும், ஏலச் சீட்டுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் வாங்கப்போகும் நகைக்கு முன்பணம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அதனால் சீட்டுப் பதிவாளரிடம் போய்ப் பயனில்லை. பதினொரு மாதத்தில் இந்தத் திட்டங்கள் முடிவதற்கும் காரணம் உண்டு. ஒரு கம்பெனி பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளுக்கு ஈடுகட்டிவிட வேண்டும். அதைத் தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்குவதற்கு வேறு கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

முதல் வேலை: உங்கள் சீட்டு ரூபாய்க் கணக்கா, கிராம் கணக்கா?

பாஸ்புக்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் நேராக ரூபாய் மட்டும் எழுதியிருந்தால் அது ரூபாய்க் கணக்கு. தேதி, அன்றைய விலை, பக்கத்தில் 0.588 என்பதுபோல ஒரு எடையும் இருந்தால் அது கிராம் கணக்கு. ரூபாய்க் கணக்கில் பாதியில் நின்றால், எல்லாத் தவணையும் கட்டியவர்களுக்குக் கடை தன் பங்காகச் சேர்க்கும் போனஸ் தவணையைப் பெரும்பாலும் இழப்பீர்கள், கட்டியது அப்படியே இருக்கும். கிராம் கணக்கில்தான் விஷயம் சிக்கலாகிறது. விலை ஏறியிருந்தால் உங்கள் பெயரில் நிற்கும் தங்கத்தின் மதிப்பு கட்டிய பணத்தைவிட அதிகமாகியிருக்கும். ஆனால் பாதியில் முடித்தால் எதைத் திருப்பித் தருவார்கள் என்பது விதியில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

அந்த விதிகள் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது சேரும்போது கையெழுத்து வாங்கிய விண்ணப்பத்தின் பின்புறத்தில் இருக்கும். மைனியிடம் விண்ணப்ப நகல் இல்லை. கேட்டுத்தான் வாங்கினோம். அதில் மூன்று விஷயம் தேடினேன்: இடையில் முடிக்கக் குறைந்தபட்சம் எத்தனை தவணை கட்டியிருக்க வேண்டும், முடித்தால் பணமா நகையா, சேரும்போது கொடுத்த பரிசின் விலையைக் கழிப்பார்களா. மைனிக்கு ஒரு டிராவல் பேக் கொடுத்திருந்தார்கள். அது 600 ரூபாய் என்று விதியிலேயே போட்டிருந்தது!

கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

மைனியின் பாஸ்புக்கை முழுமையான எண்களாக்கிச் சொல்கிறேன், புரிய எளிதாக இருக்கும். ஏழு தவணைகளின் போது கிராம் விலை 8,000, 8,200, 8,500, 8,900, 9,000, 9,300, 9,500 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 5,000 ரூபாயையும் அன்றைய விலையால் வகுத்து, பாஸ்புக்கில் இருப்பதுபோல மூன்று தசம இடத்துக்கு முழுமையாக்கிக் கூட்டினால் 4.005 கிராம் வரும், ஏறக்குறைய அரைப் பவுன். கட்டியது 35,000 ரூபாய். இன்று விலை 10,000 என்றால் அந்தத் தங்கத்தின் மதிப்பு 40,050.

இதைப் பார்த்ததும், "பணமாக வாங்கினால் ஐயாயிரம் நஷ்டம், நகையாகவே எடுத்து விற்றுக்கொள்ளலாமே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டதும் மனம் மாறியது.

எல்லாத் தவணையும் கட்டியவர்களுக்குத் தரும் சேதாரச் சலுகை பாதியில் முடித்தால் கிடையாது. 4 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 4,800 ரூபாய். தங்கமும் சேதாரமும் சேர்ந்து 44,800. அதற்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 1,344. மொத்தம் 46,144. நம் கணக்கில் 40,050 இருக்கிறது, ஆக கையிலிருந்து 6,094 கொடுத்தால்தான் சங்கிலி வீட்டுக்கு வரும். அதை உடனே விற்றால் தங்கத்தின் விலையான 40,000 மட்டும், அதிலும் கடைக்காரர் கழிப்பது போகத்தான் கிடைக்கும். கழிவே இல்லை என்று வைத்தாலும், கொடுத்த 6,094 போக 33,906 தான் மிஞ்சும். பணமாகத் திரும்ப வரும் 35,000-ஐவிட அது குறைவு. பரிசுக்காக 600 கழித்தாலும் 34,400, அப்போதும் பணம்தான் மேல்.

அதனால் என் கருத்து இது. அவசரத்துக்குப் பணம் தேவையென்றால் பணமாகக் கேளுங்கள். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ நெருங்கி, எப்படியும் அந்த நகையை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் நகையாக எடுங்கள். அப்போது விலை ஏற்றத்தின் பலன் உங்களுக்கு நிற்கும். இது 12 சதவீதம் என்கிற சேதாரத்தை வைத்துப் போட்ட கணக்கு. 5 சதவீதத்தில் ஒரு எளிய வளையம் கிடைத்தால் முடிவு மாறலாம். தங்க நாணயத்துக்குச் சேதாரம் குறைவு என்பதால் நாணயமாகத் தருவார்களா என்றும் கேட்கலாம். சீட்டுப் பணத்துக்கு நாணயம் கிடையாது என்று பல கடைகள் சொல்லிவிடும். கேட்பதில் ஒன்றும் போகாது.

தங்க விலை இறங்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். அப்போது கட்டிய ரூபாயைத் திரும்பக் கேட்பது தெளிவான லாபம். கடைக்காரர் எடைக்குத்தான் நகை என்று பிடிவாதம் பிடிப்பதும் அப்போதுதான்.

முடிக்காமல் சும்மா விடுவது எப்படி என்றும் பாருங்கள். சில கடைகளில் தவணை நின்றாலும் பதினொன்றாம் மாத முதிர்வுத் தேதிவரை காத்திருந்தால் கட்டிய எடைக்குக் கொஞ்சமாவது சேதாரச் சலுகை தருவார்கள். மைனிக்குக் கட்டணம் கட்டும் தேதி முன்னால் நின்றது, அதனால் அந்த வழி இல்லை.

கவுண்டரில்

சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே போவது நல்லது. பாஸ்புக், ரசீதுகள், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். பதிவு செய்த செல்போன் எண் மாறியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். வீட்டுக்கே வந்து வசூலிக்கும் ஏஜென்டிடம் கட்டியவர்கள் ஒவ்வொரு தவணையும் கடையின் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஒரு கணக்கு அச்சு எடுத்துப் பாருங்கள். பாஸ்புக்கில் ஏழு, கம்ப்யூட்டரில் ஆறு என்று இருந்தால் முதலில் அந்த வித்தியாசத்தைத் தீர்க்காமல் சீட்டை முடிப்பதைப் பற்றிப் பேசாதீர்கள்.

எங்களை முதலில் பார்த்த பெண், "அக்கா, பாதியில நிறுத்தினா நகைதான் எடுக்கணும். பணமா தர மாட்டோம்" என்றார். கோபப்படாமல், "அது எங்க எழுதியிருக்கு, காட்டுங்கம்மா" என்று கேட்டேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் விதித்தாளை இரண்டு முறை புரட்டினார். இடையில் முடித்தால் சலுகை இல்லை என்று இருந்ததே தவிர, பணம் தரமாட்டோம் என்று எங்கும் இல்லை. "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் சொல்வார் என்று நம்பி வெறுங்கையோடு திரும்பிவிடாதீர்கள். இங்கேதான் பலபேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

எழுத்தில் கொடுங்கள்

நான் முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோன கடிதம் ஒரு பக்கம்தான். அதன் நடு வரிகள் இவை:

"எனது நகை சேமிப்புத் திட்டத்தில் (கணக்கு எண் …) இதுவரை ஏழு தவணைகளில் ரூ.35,000 செலுத்தியுள்ளேன். குடும்பச் சூழ்நிலையால் தொடர இயலவில்லை. இன்றைய தேதியோடு கணக்கை முடித்து, செலுத்திய தொகையை எனது வங்கிக் கணக்கில் 15 நாட்களுக்குள் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் தொகை கழிக்கப்படுமாயின் அதற்கான விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கடை முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தைத் தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு கடைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அசல் பாஸ்புக்கைப் பணம் வரும்வரை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, "பாஸ்புக் பெறப்பட்டது" என்று உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வவுச்சரில் பணம் வருமுன் கையெழுத்துப் போடுவதும் கூடாது. மைனி பேனாவைத் திறந்தேவிட்டார், நான்தான் கையைப் பிடித்தேன்.

பணம் வராவிட்டால்

மைனிக்குப் பன்னிரண்டாம் நாள் 34,400 கணக்கில் ஏறியது, டிராவல் பேக்கின் 600 போக. எல்லோருக்கும் அப்படி வந்துவிடாது.

வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கடையிடம் பேசிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் முத்திரை வாங்கிய பிரதிதான்.

கடை பூட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் பாஸ்புக்கோடு நிற்கிறார்கள் என்றால் அது வேறு கதை. அப்போது ஆணையத்துக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல், எல்லோரும் சேர்ந்து காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி மோசடி செய்தவரின் சொத்தை முடக்கி, விற்று, பணத்தைப் பிரித்துத் தர முடியும். வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைனி இப்போது தபால் ஆபீசில் மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. போடுகிறார். மழை மாதத்தில் அதையும் கட்ட முடியுமா என்று கேட்டால், "பாப்போம்" என்கிறார்.