“உனக்குப் பிடிச்சதை வரை” என்று சொல்லும்போது நடப்பது என்ன?

கிருஷ்ணகிரி பக்கம் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியில் வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் ஆங்கில எம் எழுத்து மாதிரி நாலு காக்கா. பல தாள்களில் இதே படம்தான் வரும். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது முக்கோண மலையே அல்ல. உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்தது போன்ற குன்றுகளும் மாந்தோப்பும்தான் தெரியும். அவை ஒரு தாளில்கூட வருவதில்லை.

ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் இப்படித்தான் வகுப்பு நடத்தினேன். கரும்பலகையில் வரைந்து போட்டு அதைப் பார்த்து வரையச் சொல்வது பழைய முறை, பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுவது புதிய முறை என்று நம்பியிருந்தேன். பிள்ளையை மையமாக வைக்கும் கலைக் கல்வியைப் பற்றி நம்மிடையே பரவியிருக்கும் தவறுகளில் பெரியது இதுதான். அந்தக் கொள்கையை உருவாக்கியவர்கள் ஒருவரும் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

பார்த்து வரையும் முறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு, தங்கள் ஆலைப் பொருட்களின் வடிவமைப்பு பிறநாட்டுப் பொருட்களுக்கு ஈடாக இல்லை என்ற கவலை பிரிட்டனில் எழுந்தது. ஹென்றி கோல், ரிச்சர்ட் ரெட்கிரேவ் ஆகியோரின் பொறுப்பில் சவுத் கென்சிங்டனிலிருந்து 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் போனது. அளவுகோல், காம்பஸ் வைத்துக் கோடு போடுவது முதல் படி. அச்சிட்ட மாதிரியைப் பார்த்துக் கையாலேயே வெளிக்கோடு வரைவது அடுத்தது. நிழல் தீட்டுவது, வண்ணம் தீட்டுவது, சொந்தமாக வடிவமைப்பது எல்லாம் அதன் பிறகுதான். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியும் கைவினைஞர்களையும் வரைவாளர்களையும் உருவாக்கவே எழுந்தது. நம் ஓவிய ஆசிரியர்கள் எழுதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’ என்ற பெயர் இன்னும் இருப்பது அந்த மரபின் மிச்சம். நெசவுக்கும் மரவேலைக்கும் வடிவம் வரையப் போகும் பதினாறு வயதுப் பையனுக்கு அது நல்ல பயிற்சிதான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதையே கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது.

அந்தச் சிக்கலை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் வியன்னாவின் ஃப்ரான்ஸ் சிசெக். 1897இல் சிறுவர்களுக்கென்றே ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகள் வரைவது பெரியவர்கள் படத்தின் அரைகுறை வடிவம் அல்ல, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு என்றார். பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் வகுப்பில் தலைப்பு கொடுத்தார், பொருட்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தார், வரைந்த படங்களை எல்லோர் முன்னும் வைத்துப் பேசினார். அங்கிருந்து வந்த படங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன என்று பின்னால் பலர் குறை சொன்னார்கள். அந்த அளவுக்கு ஆசிரியரின் கை அதில் இருந்தது. இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த மேரியன் ரிச்சர்ட்சன், மாணவிகளைக் கண்ணை மூடச் சொல்லி ஒரு தெருவையோ ஒரு மாலை நேரத்தையோ வார்த்தையால் விவரிப்பார். மனதில் படம் எழுந்த பிறகுதான் தூரிகையை எடுக்க வேண்டும். வெறும் தாள் என்பது இவர்கள் யாருடைய முறையும் அல்ல.

வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் வேலை கற்றுக்கொடுத்து, 1938இல் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்ட் இதைத் தெளிவாக விளக்கினார். 1947இல் வெளிவந்த அவருடைய புத்தகம் பல நாடுகளின் பள்ளி ஓவிய வகுப்பை மாற்றியது. அவர் காட்டும் ஒரு சின்ன எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு குழந்தை முதலில் தனக்குத் தெரிந்த பறவையை வரைகிறது. பிறகு பயிற்சிப் புத்தகத்தில் அச்சிட்ட பறவைக்கு வண்ணம் தீட்டுகிறது. மறுபடி பறவை வரையச் சொன்னால் அதன் பறவை காணாமல் போய், புத்தகத்தின் பறவை வந்து நிற்கிறது. நம் ஊர் எம் எழுத்துக் காக்காவும் இதே வழியில் வந்ததுதான். ஆகவே “பிடிச்சதை வரை” என்றதும் பிள்ளை மனதிலிருந்து வருவது அதன் சொந்தக் கற்பனை என்று எண்ண வேண்டாம். கைக்குப் பழகிப்போன மாதிரிதான் முதலில் வரும். கரும்பலகையை அழித்துவிட்டோம், ஆனால் அது பிள்ளையின் தலைக்குள் அப்படியே இருக்கிறது.

அதை எப்படித் தாண்டுவது? பர்கூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் “ஒரு விழா வரைங்க” என்றேன். எல்லோரும் பொங்கல் பானையும் இரண்டு கரும்பும் வரைந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த படம் அப்படியே இறங்கி வந்திருந்தது. அடுத்த வாரம் அதே நாற்பது நிமிட வகுப்பில் முதல் பத்து நிமிடம் தாளே கொடுக்கவில்லை. சுவர்ப் படத்தையும் கழற்றி வைத்தேன். “எருது விடுறதைப் பார்க்க யாரெல்லாம் போனீங்க?” என்று மட்டும் கேட்டேன். பாதிக் கை உயர்ந்தது. “மாடு வரப்ப நீ எங்க நின்ன?” “எங்க மாமா வீட்டு மாடியில, சார்.” “அங்கிருந்து மாட்டோட எதைப் பார்த்த?” “முதுகுதான் தெரிஞ்சுச்சு சார். கொம்புல கலர் கலரா தட்டி கட்டியிருந்தாங்க.” “கீழ நின்னவங்க என்ன பண்ணாங்க?” “ஓடினாங்க. ஒரு தாத்தா திண்ணையில ஏறிக்கிட்டார்.” “உனக்கு அப்ப எப்படி இருந்துச்சு?” “வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு சார்.”

கேள்விகள் எல்லாமே பிள்ளை எங்கே நின்றது, உடம்பு என்ன செய்தது என்பதைச் சுற்றியே வருவதைக் கவனியுங்கள். லோவன்ஃபெல்ட் வலியுறுத்தியது இதுதான். “மாடு எப்படி இருக்கும்?” என்று கேட்டால் பிள்ளை புத்தக மாட்டைத் தேடும். “நீ எங்க நின்ன?” என்று கேட்டால் தன் மாட்டைத் தேடும். இங்கே ஆசிரியர் செய்யக்கூடிய இன்னொரு தவறு, பேச்சு நடக்கும்போதே கரும்பலகையில் ‘சும்மா ஒரு ஐடியாவுக்கு’ ஒரு மாட்டை வரைந்து காட்டுவது. அந்த ஒரு மாடு முப்பது தாளிலும் ஏறிவிடும்.

அன்று வந்த படங்களில் பானையே இல்லை. ஒரு பெண் தாளின் குறுக்கே தெருவை ஒரு பட்டையாகப் போட்டு, மேல்பக்கத்தில் ஒரு வரிசை ஆட்களை நேராகவும், கீழ்ப்பக்கத்தில் ஒரு வரிசை ஆட்களைத் தலைகீழாகவும் வரைந்திருந்தாள். நடுவில் மாடு, வீடுகளைவிடப் பெரிதாக இருந்தது. பார்க்க வந்த சக ஆசிரியர் ஒருவர் உடனே, “ஏம்மா, ஆளுங்களைத் தலைகீழா நிக்க வச்சிருக்க?” என்று ரப்பரை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் தவறு. அந்தப் பெண் தெருவின் நடுவில் நிற்பது போல எண்ணி, ஒரு பக்கம் பார்த்து ஒரு வரிசை வரைந்துவிட்டு, தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் வரைந்திருக்கிறாள். ஏழு முதல் ஒன்பது வயது வரை இப்படி மடித்து விரித்தது போல வரைவதும், முக்கியமானதைப் பெரிதாக வரைவதும், சுவருக்குள் இருப்பதைக் கண்ணாடி போல ஊடுருவிக் காட்டுவதும் இயல்பு. தருமபுரிப் பக்கத்து நடுகற்களிலும் வீரன் கல்லை நிறைத்து நிற்பான், மீட்டு வந்த மாடு காலடியில் சிறிதாக இருக்கும். அந்தச் சிற்பிக்கு அளவு தெரியாது என்று நாம் சொல்வதில்லையே. நான் ரப்பரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “இந்த வரிசையில நீ யாரு?” என்று மட்டும் கேட்டேன். தலைகீழ் வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆளைக் காட்டினாள்.

பிள்ளைகளின் வரைதல் கிறுக்கலில் தொடங்கி வயதுக்கு வயது படிப்படியாக மாறும் என்று லோவன்ஃபெல்ட் வகுத்தார். அந்த வயதுப் படிகளை அட்டவணையாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. வீட்டில் பென்சிலே பிடிக்காமல் ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை இன்னும் கிறுக்கும் படியில் இருக்கலாம். அம்மாவோடு வாசலில் புள்ளி வைத்துப் பழகிய பெண் கோட்டைக் கட்டுப்படுத்துவதில் தன் வயதைத் தாண்டியிருப்பாள். கோலமும் பார்த்துப் போட்டுப் பழகுவதுதான் என்பதையும் இந்த இடத்தில் மறந்துவிடக்கூடாது.

ஏனென்றால் கடைசித் தவறு அதில்தான் இருக்கிறது. பார்த்து வரைதலை எந்த வயதிலும் தொடவே கூடாது என்று எண்ணுவது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்குத் தன் படம் பிடிக்காமல் போகிறது. கண் வளர்ந்துவிடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. ரப்பர் தேய்த்துத் தாள் கிழிகிறது. “எனக்கு வராது சார்” என்ற சொல் ஏழாம் வகுப்பில்தான் அதிகம் கேட்கும். அந்த நேரத்தில் “உன் மனசுல பட்டதை வரை” என்று சொல்வது, தவிப்பவனைக் கைவிடுவதற்குச் சமம். 1970களில் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்து, பிள்ளைகள் வரையக் கற்பதே பிற படங்களைப் பார்த்துத்தான் என்று வாதிட்டார்கள். நம் பையன்கள் போனில் பார்த்து நடிகர் முகத்தையும் கார்ட்டூன் வீரனையும் வரைவதைப் பார்த்தாலே அது புரியும். 1980களில் அமெரிக்காவில் எழுந்த இயக்கம் ஒன்று, வெளிப்பாட்டோடு கலை வரலாற்றையும் விமர்சனத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்றதற்கும் இந்தப் போதாமை ஒரு காரணம்.

ஏழாம் வகுப்பில் நான் கொடுப்பது ஒரு நடுகல்லின் பெரிய போட்டோ. முழுதாக வரைய வேண்டாம், வீரனின் காலை மட்டும் பார்த்து வரையச் சொல்வேன். ஓடுவது போலத் தெரிய முழங்காலை எங்கே மடக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி. இருபது நிமிடம் அதற்கு. பிறகு போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கபடி ஆடும் நண்பனையோ மாட்டின் முன்னால் ஓடும் ஆளையோ வரையச் சொல்வேன். முழங்கால் புதுப் படத்திலும் சரியான இடத்தில் மடிந்தால் அவன் பார்த்து வரைந்ததிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறான். வீரனே கத்தியோடு மறுபடி வந்து நின்றால் கை மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பையனுக்குப் போட்டோவைக் கொடுப்பதில்லை. ஒரு நண்பனை வராந்தாவில் முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி, அவனைப் பார்த்து வரைய வைப்பேன்.