எழுதியவரை அடையாளங்காட்டும் ஒரு கேள்வி

விண்ணப்பதாரி அனுப்பிய எழுத்து மாதிரியை அவரே எழுதினாரா என்று அறிய, அதில் ஒரு பந்தியைத் தெரிவுசெய்து, நேர்முகத் தேர்வில் அதைக் காட்டி, "இதில் எழுதிவிட்டுப் பின்னர் நீக்கியது எது, ஏன்?" என்று கேளுங்கள். பேச்சு நடையை எழுத்து நடையோடு ஒப்பிட வேண்டாம்; கிளிநொச்சியில் வளர்ந்தவர் எவ்வளவு செம்மையாக எழுதினாலும் வன்னிப் பேச்சில்தான் பதில் சொல்வார், அது குற்றமன்று. இரணைமடுக் குளத்துச் சிறுபோகச் செய்கை பற்றிய அறிக்கையில் "பாதி விதைப்பு நடக்கவில்லை" என்றிருந்தால், அந்தப் பாதி குடும்பக் கணக்கா, ஏக்கர்க் கணக்கா என்பதையும், மற்றக் கணக்கை ஏன் விட்டார் என்பதையும் எழுதியவர் தடுமாறியேனும் சொல்லிவிடுவார். எழுதாதவர் பெரும்பாலும் அறிக்கையின் வாக்கியத்தையே திருப்பிச் சொல்வார். பல ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கும், பலர் கைபட்டுத் திருந்திய அறிக்கைக்கும் இது பொருந்தாது. அங்கே அரைமணிநேரம் கொடுத்துப் புதிதாக ஒரு பந்தி எழுதச் சொல்வதே நியாயம்.